உழவின் ஆழத்தை யார் அளப்பது? வட வியட்நாமில் கூட்டுப்பண்ணைகளைக் கரைத்த அன்றாட அரசியல்

1981 ஜனவரி 13 அன்று வியட்நாம் கம்யூனிஸ்டுக் கட்சியின் மத்தியச் செயலகம் ஓர் ஆணை வெளியிட்டது. அதன் எண் 100. கூட்டுறவுப் பண்ணைகளின் நிலத்தைத் துண்டு துண்டாக உழவர் குடும்பங்களிடம் ஒப்படைக்கலாம், குறித்த அளவு நெல்லைக் கூட்டுறவுக்கு அளந்தபின் மிஞ்சியதைக் குடும்பமே வைத்துக்கொள்ளலாம் என்று அது அனுமதித்தது. இருபது ஆண்டுகளாக வடபகுதிக் கிராமங்களில் கட்சி வளர்த்துவந்த ஏற்பாட்டின் அடித்தளத்தையே அசைத்த ஆணை இது. ஆனால் இதைக் கேட்டு யாரும் ஊர்வலம் போகவில்லை. உழவர் சங்கம் எதுவும் கோரிக்கை மனு கொடுக்கவில்லை. தலைவர் இல்லை, துண்டறிக்கை இல்லை, அரிவாளை ஓங்கிய கூட்டமும் இல்லை. பிறகு எது கட்சியைப் பின்வாங்க வைத்தது?

அரசியல் ஆய்வாளர் பெனடிக்ட் கெர்க்வ்லியட் 2005 இல் வெளியிட்ட நூல் இந்தக் கேள்விக்காகவே எழுதப்பட்டது. பிலிப்பைன்சில் ஹுக் உழவர் கிளர்ச்சியைப் பற்றி முன்பு எழுதியவர் அவர். ஆயுதம் ஏந்திய உழவர்களை ஆராய்ந்தவர், வியட்நாமில் ஆயுதமும் கோஷமும் இல்லாத உழவர்களைத் தேடிப் போனார். அவருக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1985 இல், ஜேம்ஸ் ஸ்காட் மலேசியக் கிராமம் ஒன்றை வைத்து, எளியவர்களின் எதிர்ப்பு பெரும்பாலும் கலகமாக வெளிப்படுவதில்லை என்று வாதிட்டிருந்தார். வேலையை இழுத்தடிப்பது, தெரியாதவர்போல நடிப்பது, தலையாட்டிவிட்டுச் செய்யாமல் இருப்பது, கொடுக்க வேண்டியதில் குறைத்துக் கொடுப்பது, சின்னத் திருட்டு, முதுகுக்குப் பின்னால் பேசும் பேச்சு ஆகியவைதாம் அன்றாடம் கைக்கெட்டும் கருவிகள் என்றார். ஸ்காட்டின் கிராமத்தில் இந்தக் கருவிகள் இழப்பைச் சற்றே குறைத்தன, அவ்வளவுதான். வியட்நாமில் அவை ஒரு நாட்டின் வேளாண் கொள்கையையே மாற்றின. ஒரே வகைச் செயல் ஓரிடத்தில் வலுவாகவும் மற்றோர் இடத்தில் வலுவற்றும் போனது ஏன் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதற்கு முதலில் அந்த வயல்களில் வேலை எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும்.

செந்நதிப் படுகை உலகிலேயே மக்கள் மிக நெருக்கமாக வாழும் நெல் நிலங்களில் ஒன்று. 1953 முதல் 1956 வரை நடந்த நிலச் சீர்திருத்தத்தில் நிலமற்றவர்களுக்கும் ஏழை உழவர்களுக்கும் நிலம் கிடைத்தது. அந்தச் சீர்திருத்தத்தின்போது நடந்த கொடுமைகளுக்குக் கட்சியே பின்னர் வெளிப்படையாகத் தவறை ஒப்புக்கொண்டது. கிடைத்த நிலத்தின் ஈரம் காயுமுன்பே கூட்டுறவு இயக்கம் வந்தது. 1960 முடிவதற்குள் வடபகுதி உழவர் குடும்பங்களில் சுமார் 85 விழுக்காடு கூட்டுறவுகளில் சேர்ந்துவிட்டன. தொடக்கக் கட்டத்தில் நிலம் கொடுத்தவருக்கு நிலத்துக்கென ஒரு பங்கு கிடைத்தது. அடுத்த கட்டமான உயர்நிலைக் கூட்டுறவில் அந்தப் பங்கு நின்றுபோனது. நிலமும் எருமையும் ஏரும் பொதுவாயின. உழைப்புக்கு மட்டுமே கூலி என்றானது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீட்டையொட்டியோ ஊர் ஓரத்திலோ ஒரு சிறு துண்டு மட்டும் சொந்தப் பயிருக்கென விடப்பட்டது. கூட்டுறவு நிலத்தில் ஐந்து விழுக்காட்டை அதற்கென ஒதுக்கியதால் அதை ஐந்து விழுக்காட்டு நிலம் என்றே ஊரில் சொன்னார்கள். இந்தச் சின்னத் துண்டு பின்னால் பெரிய வேலை செய்தது.

கூலி பணமாகத் தரப்படவில்லை, புள்ளியாகக் கணக்கு வைக்கப்பட்டது. பத்துப் புள்ளி ஒரு வேலைநாள். இத்தனை பரப்பு உழுதால் இத்தனை புள்ளி, இத்தனை பரப்பு நட்டால் இத்தனை புள்ளி, இத்தனை எடை எரு கொடுத்தால் இத்தனை புள்ளி என்று ஒவ்வொரு வேலைக்கும் விகிதம் உண்டு. உற்பத்திக் குழுவின் தலைவர் மாலையில் கணக்கெழுதுவார். அறுவடை முடிந்ததும் மொத்த நெல்லில் அரசுக்குரிய வரி, அரசு குறைந்த விலையில் வாங்கும் கட்டாயக் கொள்முதல், விதைநெல், செலவு, பொதுநிதி எல்லாம் கழியும். தலைக்கு இவ்வளவு என்ற அடிப்படைப் பங்கீடும் உண்டு. அதற்குப் பின் மிஞ்சுவதை ஊரார் எல்லோரும் சேர்த்த மொத்தப் புள்ளியால் வகுத்தால் ஒரு வேலைநாளின் மதிப்பு தெரியும்.

இந்தக் கணக்கில்தான் கோளாறு ஒளிந்திருந்தது. புரிந்துகொள்ள வசதியாக ஒரு கற்பனைக் கூட்டுறவை எடுத்துக்கொள்வோம். கழிவெல்லாம் போக 60,000 கிலோ நெல் பங்கிட மிஞ்சுகிறது. ஊரார் சேர்த்தது 60,000 வேலைநாள். ஒரு நாளுக்கு ஒரு கிலோ. அடுத்த ஆண்டு புள்ளி சேர்ப்பதில் எல்லோரும் கவனமாகிறார்கள். அரைநாள் வேலையை ஒரு நாளாகக் காட்டுகிறார்கள், கூட்டங்களுக்கும் காவலுக்கும் கணக்கெழுதுவதற்கும்கூடப் புள்ளி எழுதப்படுகிறது. வேலைநாள் 90,000 ஆகிறது, நெல்லோ அதே 60,000 கிலோ. இப்போது ஒரு நாளின் மதிப்பு சுமார் 670 கிராம். இந்நிலையில் ஒரு பெண் மட்டும் மனசாட்சியோடு ஆழமாக, நெருக்கமாக நாற்று நடுகிறாள் என்றால், அவளால் கூடும் விளைச்சல் ஊர் முழுவதற்கும் பிரிந்துவிடும். அவள் மெதுவாக நட்டதால் இழந்த புள்ளியோ அவளுக்கு மட்டுமே நட்டம். பொதுத் தகப்பன் செத்தால் அழ ஆளில்லை என்று வியட்நாமில் ஒரு பழமொழி உண்டு. கூட்டுறவுக் காலத்தில் அது ஊர்தோறும் புழங்கியது.

நெல் சாகுபடியில் பரப்பை அளக்கலாம், எடையை நிறுக்கலாம், கவனத்தை அளக்க முடியாது. மேலாக உழுது அதிகப் பரப்பைக் காட்டினால் புள்ளி கூடும். தண்ணீர் நிற்கும் சேற்றில் உழவு எவ்வளவு ஆழம் போயிற்று என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. நடவில் குத்துக்குக் குத்து இடைவெளி விட்டு, வேர் சரியாகப் பதியாமல் நட்டுவிட்டுப் போகலாம். அன்று மாலை வயல் பச்சையாகத்தான் தெரியும். பழுது தெரிய மூன்று மாதம் ஆகும். அதற்குள் அந்த வயலில் வேறு குழு களையெடுத்திருக்கும், மற்றொரு குழு தண்ணீர் பாய்ச்சியிருக்கும், பூச்சியும் விழுந்திருக்கும். குற்றம் யார்மீது? யார் நட்ட குத்து எது என்று சொல்ல யாரால் முடியும்? அறுவடையிலும் கதிர்களைக் கொஞ்சம் விட்டுவிட்டுப் போனால் பின்னால் வரும் குழந்தைகளும் கிழவிகளும் பொறுக்கிக்கொள்வார்கள். கதிர் பொறுக்குவது பழைய வழக்கம், அதை யாரும் குற்றம் என்று சொல்லவில்லை. எவ்வளவு விட்டுவைப்பது என்பது அரிவாள் பிடித்த கையின் விருப்பம்.

எருவின் கதை இதைவிட விரிவானது. பன்றி வளர்ப்பு குடும்பத்தின் கையில் இருந்தது, பன்றி எருவோ கூட்டுறவு வயலுக்குத் தேவைப்பட்டது. அதனால் குடும்பத்துக்கு இவ்வளவு எரு என்று விதித்து, கொடுத்ததை நிறுத்துப் புள்ளி எழுதினார்கள். எடையைக் கூட்டத் தண்ணீர் போதும், மண்ணும் சாம்பலும் இலைதழையும் போதும். நல்ல எரு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஐந்து விழுக்காட்டுத் துண்டுக்குப் போயிற்று, கலப்பட எரு கூட்டுறவின் வண்டியில் ஏறியது. எருமைகளுக்கும் இதே கதிதான். பொதுவான பின் அவற்றை வேலைவாங்க ஆளிருந்தது, குளிர்காலத்தில் வைக்கோல் போட்டுத் தொழுவத்தை மூடிவைக்க ஆளில்லை. செந்நதிப் படுகையின் குளிரில் மெலிந்த எருமை தாங்காது. உழவுமாடு குறைந்துபோனதைப் பற்றி மேலிடம் திரும்பத் திரும்பக் கவலைப்பட்டது.

இவற்றையெல்லாம் உழவர்களின் இயல்பான சோம்பல் என்று முத்திரை குத்த இடம் தராதது அந்த ஐந்து விழுக்காட்டு நிலம்தான். அதே கைகள், அதே மண், அதே வெயில். ஆனால் சொந்தத் துண்டில் விளைச்சல் கூட்டுறவு வயலைவிடப் பெரிதும் கூடியிருந்தது. பல குடும்பங்களின் வருமானத்தில் பாதிக்கு நெருக்கமான பங்கு, சில இடங்களில் அதற்கும் மேல், அங்கிருந்தும் பன்றி, கோழி, கைத்தொழில்களிலிருந்தும் வந்தது. கூட்டுறவு வயலுக்கு மணியடித்தபின் ஆடி அசைந்து போனவர்கள் சொந்தத் துண்டுக்கு இருட்டோடு எழுந்து போனார்கள். வரப்பை ஆண்டுக்கு ஒரு சாண் தள்ளிப்போடுவது, குளக்கரையில் வாழை வைப்பது, கூட்டுறவு நிலத்தின் மூலையில் வீடு கட்டுவது என்று அந்தத் துண்டு மெல்ல வளரவும் செய்தது. பொதுநில ஆக்கிரமிப்பைத் திருத்தக் கட்சி பல முறை இயக்கம் நடத்தியது. இயக்கம் ஓய்ந்ததும் வரப்பு மறுபடி நகர்ந்தது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஐயம் எழும். மறைவாகச் செய்தவற்றைப் பற்றி இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்ல முடியும்? இவ்வகை எதிர்ப்பு தன்னைப் பற்றி ஆவணம் விட்டுவைக்காது, விட்டுவைத்தால் அது பிழைக்காது. கெர்க்வ்லியட் ஹனோயில் கட்சி, அரசு அலுவலகங்களின் உள் அறிக்கைகளையும் அக்கால நாளிதழ்களையும் படித்தார். படுகைக் கிராமங்களுக்குப் போய் முதியவர்களிடம் பேசினார். உழவர் எழுதாததை அதிகாரி எழுதியிருந்தார். எருவில் மண் கலக்கிறார்கள், புள்ளி பெருகுகிறது விளைச்சல் பெருகவில்லை, உறுப்பினர்களிடம் பொதுவுடைமை உணர்வு இல்லை என்று மாவட்டத்திலிருந்து மாகாணத்துக்கும் மாகாணத்திலிருந்து தலைநகருக்கும் போன புகார்களே இன்று நமக்குச் சான்று. ஆண்டுக்காண்டு ஒரே புகார் வருவதும், தொலைவிலுள்ள பல மாகாணங்களிலிருந்து ஒரே நேரத்தில் வருவதும் அது தனி மனிதரின் குணக்கேடு அல்ல என்பதைக் காட்டிவிடும்.

இனிச் சிக்கலான கேள்விக்கு வருவோம். இதை எதிர்ப்பு என்று சொல்லலாமா, தன்னலம் என்று சொல்வதா? மேலாக உழுதவன் அரசை ஏமாற்றினான் என்பது பாதி உண்மை. அவன் பெருக்கிய புள்ளி பக்கத்து வீட்டு விதவையின் வேலைநாள் மதிப்பையும் குறைத்தது. கை குறைந்த குடும்பங்களும் சொந்தத் துண்டைக் கவனிக்க ஆளில்லாதவர்களும் இதில் அதிகம் நொந்தார்கள். அன்றாட எதிர்ப்பைப் பற்றி எழுதுபவர்கள் பலர் இந்தப் பகுதியைக் கடந்துபோய்விடுகிறார்கள். எல்லா ஏய்ப்பையும் வீரமாக்குவது உழவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. என் பார்வையில் வேறுபாட்டை இரண்டு அடையாளங்களால் கண்டுகொள்ளலாம். ஒன்று, ஊர் எதைத் திருட்டு என்று சொன்னது, எதைச் சொல்லவில்லை என்பது. அயலான் வீட்டுக் கோழியைப் பிடித்தவன் எங்கும் திருடன்தான். கூட்டுறவுக் களத்திலிருந்து ஒரு மடி நெல் கொண்டுபோன பெண்ணைப் பற்றிப் பசித்த காலத்தில் ஊர் அவ்வளவு கடுமையாகப் பேசவில்லை. இன்னொன்று, கோபம் யாரை நோக்கித் திரும்பியது என்பது. ஒவ்வொருவரும் இரண்டு பேர் வேலை செய்வோம் என்ற அரசு முழக்கத்தின் வாலை மாற்றி, அப்போதுதான் கூட்டுறவுத் தலைவர் வானொலியும் மிதிவண்டியும் வாங்க முடியும் என்று பொருள்படும்படி ஊரார் பாடினார்கள். கைக்கு எட்டாத தொலைவில் இருந்த அரசைவிடக் கண்ணெதிரே தடித்த தலைவரும் கணக்கரும்தான் அவர்கள் பேச்சில் அடிபட்டார்கள். தனக்கு உரியதை வேறொருவர் தின்கிறார் என்ற நியாயம் அந்த இழுத்தடிப்புக்குள் இருந்தது.

போர்க்காலம் இதை உறுதிப்படுத்துகிறது. 1965 முதல் வட வியட்நாம்மீது அமெரிக்க விமானங்கள் குண்டு பொழிந்தன. இளைஞர்கள் படைக்குப் போனார்கள், வயலில் பெண்களும் முதியவர்களும் மிஞ்சினார்கள். போர்முனைக்குப் போனவனின் குழந்தைக்கும் தாய்க்கும் கூட்டுறவு நெல் கொடுத்தது. அந்த ஒரு காரணத்துக்காகவே பலர் பல குறைகளைப் பொறுத்துக்கொண்டார்கள். குறை இல்லாமல் இல்லை, இழுத்தடிப்பும் நிற்கவில்லை. ஆனால் ஒரு வரம்புக்குள் நின்றது. 1975 இல் போர் முடிந்து மகன்கள் திரும்பியபோது, திரும்பாதவர்களின் செய்தி வந்து சேர்ந்தபோது, அந்தப் பொறுமைக்கான காரணமும் முடிந்தது.

கட்சி அதே சமயத்தில் எதிர்த்திசையில் போனது. ஊர்க் கூட்டுறவுகளை இணைத்துப் பெரிதாக்கினார்கள். உழவுக்கு ஒரு குழு, நாற்றுக்கு ஒரு குழு, எருவுக்கு ஒரு குழு என்று வேலையைப் பிரித்தார்கள். தொழிற்சாலையைப் போல வயலை நடத்தலாம் என்ற நம்பிக்கை அது. அறியாத ஊர்க்காரர்களோடு ஒரே புள்ளிக் கணக்கில் சேர்ந்தபோது, முன்பு கொஞ்சம் தடுத்துவைத்திருந்த முகத்தாட்சண்யமும் போய்விட்டது. 1980 ஆம் ஆண்டுக்கு 2 கோடியே 10 லட்சம் டன் உணவு தானியம் என்பது திட்டத்தின் இலக்கு. வந்தது 1 கோடியே 44 லட்சம் டன் அளவுதான். வெள்ளம், கம்போடியப் போர், சீன எல்லைப் போர், உரத் தட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆயினும் வட கூட்டுறவுகள் உறுப்பினர்களுக்குப் பகிர்ந்த உணவு 1976 இல் தலைக்கு மாதம் 15 கிலோ அளவிலிருந்து 1980 இல் பத்து கிலோ அளவுக்கு இறங்கியதை வெள்ளத்தை மட்டும் சொல்லி விளக்கிவிட முடியாது.

இழுத்தடிப்பு மட்டுமே இருந்திருந்தால் வறுமை இன்னும் ஆழமாயிருக்கும், கொள்கை மாறியிருக்குமா என்பது ஐயம். மாற்றத்துக்கு இன்னொரு கண்ணி தேவைப்பட்டது. உழவர்களுக்கும் கட்சிக்கும் நடுவில் நின்ற குழுத்தலைவரும் கூட்டுறவு நிர்வாகியும்தான் அது. அவர்கள் அதே ஊரில் பிறந்தவர்கள். கணக்கெழுதும் தலைவரின் தங்கையும் மருமகளும் நடவுக் குழுவில் நின்றார்கள். மேலிருந்து இலக்கு வந்தது, கீழிருந்து வெறும் வயல் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் அவர்களுக்கு இரண்டு வழிகள்தான். பொய்க்கணக்கு எழுதுவது ஒன்று. இன்னொன்று, நிலத்தைச் சத்தமில்லாமல் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, இவ்வளவு நெல் அளந்துவிடு, மிச்சம் உன்னுடையது என்று சொல்லிவிடுவது. சட்டத்துக்குப் புறம்பான இந்தக் கள்ளக் குத்தகை 1960களிலேயே ஆங்காங்கே முளைத்தது.

அதை ஒரு மாகாணத் தலைவரே திறந்த கொள்கையாக்க முயன்றார். ஹனோய்க்கு வடமேற்கே இருந்த வின் ஃபுக் மாகாணத்தின் கட்சிச் செயலாளர் கிம் ஙோக். 1966 செப்டம்பரில் அவருடைய மாகாணக் குழு 68 ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. வேலையைக் குழுக்களுக்கும் தனியாட்களுக்கும் குடும்பங்களுக்கும் ஒப்படைக்கலாம் என்பது அதன் சாரம். ஊர்களில் நடந்துகொண்டிருந்ததைப் பார்த்துத்தான் அவர் அதை எழுதினார். 1968 இல் கட்சியின் மூத்த தலைவர் த்ருவாங் சின் அதைக் கடுமையாகக் கண்டித்தார். நிலத்தைத் தனியார் வழிக்குத் திருப்பும் செயல் என்பது குற்றச்சாட்டு. கிம் ஙோக் தம் தவறை எழுத்தில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பதவியை இழக்கவில்லை என்றாலும் தீர்மானம் மடிந்தது. அவர் 1979 இல் இறந்தார், தாம் சொன்னது ஆணையாக வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு. மறைவுக்குப் பின்னர் அரசு அவருக்கு விருது அளித்தது.

திறந்த முயற்சி தோற்றது, கள்ள முயற்சி தோற்கவில்லை. ஹை ஃபோங் நகரையொட்டிய கியென் துய் மாவட்டத்தில் தோவான் ஸா என்ற ஊர். கடலோர உவர்நிலம். 1970களின் பிற்பகுதியில் அங்கே வேலைநாளின் மதிப்பு சில நூறு கிராம் நெல்லாகச் சரிந்து, வயல்கள் தரிசாகத் தொடங்கியபோது, ஊர்க் கட்சித் தலைமையே இரகசியமாகக் கூடி நிலத்தைக் குடும்பங்களுக்கு ஒப்படைக்க முடிவெடுத்தது. வெளியே சொல்வதில்லை என்பது கட்டுப்பாடு. மாட்டிக்கொண்டால் கட்சி உறுப்பினர் பதவி போகும், அதற்கு மேலும் போகலாம் என்று எல்லோருக்கும் தெரியும். விளைச்சல் ஏறியது. அந்த ஏற்றத்தை மறைப்பதுதான் கடினமாயிற்று. மாவட்டம் கண்டும் காணாமலும் இருந்தது, பிறகு தானே கையில் எடுத்தது, 1980 ஜூனில் ஹை ஃபோங் நகரக் கட்சிக் குழு நகர எல்லை முழுவதற்கும் அதை அனுமதித்துத் தீர்மானம் போட்டது. அடுத்த ஆறேழு மாதத்தில் ஆணை 100.

ஆக, உழவர்களின் இழுத்தடிப்பு முதலில் பழைய வழியை நடத்த முடியாததாக்கியது. அவர்களின் சொந்தத் துண்டு வேறு வழி உண்டு என்று நாள்தோறும் காட்டிக்கொண்டிருந்தது. கீழ்நிலைத் தலைவர்களின் மௌனம் அந்த வழியைச் சோதித்துப் பார்க்க இடம் கொடுத்தது. இம்மூன்றில் ஒன்று இல்லாதிருந்தாலும் கதை வேறாகியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆணை 100 உழவு, விதை, நீர், உரம், பூச்சி மருந்து ஆகியவற்றைக் கூட்டுறவின் பொறுப்பாகவே வைத்திருந்தது. நடவு, பராமரிப்பு, அறுவடை மூன்றும் குடும்பத்தின் பொறுப்பு. முதல் சில ஆண்டுகள் விளைச்சல் நன்றாகவே ஏறி, 1985 இல் நாட்டின் உணவு உற்பத்தி 1 கோடியே 82 லட்சம் டன்னைத் தொட்டது. பிறகு பழைய நோய் புது உருவில் வந்தது. விளைச்சல் ஏறியதைப் பார்த்த நிர்வாகிகள் அளக்க வேண்டிய அளவையும் ஏற்றினார்கள். கூட்டுறவு தரவேண்டிய உரம் வரவில்லை, உழவு காலத்தில் நடக்கவில்லை. குடும்பங்கள் சொந்தக் காசில் அவற்றைச் செய்துகொண்டும் அளவைக் குறைக்காமல் கேட்டால் என்ன செய்வார்கள்? பாக்கி வைத்தார்கள். ஈர நெல்லை அளந்தார்கள். தாங்காதபோது நிலத்தையே திருப்பிக் கொடுத்தார்கள். படுகையில் நிலத்துக்காக உயிரை விடும் மக்கள் நிலம் வேண்டாம் என்று சொன்னது எவ்வளவு பெரிய அறிவிப்பு என்பதை அங்குள்ளவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. 1988 இன் தொடக்க மாதங்களில் வட மாகாணங்களில் லட்சக்கணக்கானோர் பட்டினியைச் சந்தித்தார்கள். அந்த ஏப்ரலில் அரசியல் தலைமைக்குழுவின் 10 ஆம் தீர்மானம் வந்தது. நிலம் பதினைந்து ஆண்டு வரை குடும்பத்தின் கையில், எருமையும் கருவிகளும் சொந்தம், விளைச்சலில் சுமார் 40 விழுக்காட்டுக்காவது உறுதி. 1989 இல் வியட்நாம் பத்து லட்சம் டன்னுக்கும் மேல் அரிசி ஏற்றுமதி செய்தது. 1993 நிலச் சட்டம் பயன்பாட்டு உரிமையை மாற்றவும் வாரிசுக்கு விடவும் அடகு வைக்கவும் வழிசெய்தது. ஏற்றுமதிக்குத் தெற்கே மீக்கோங் படுகையின் பங்கே பெரிது. தெற்கில் கூட்டுறவு சரியாக வேரூன்றவேயில்லை. அதனால் இந்த எண்ணை முழுக்க வடவுழவரின் வெற்றிக் கணக்கில் எழுதக் கூடாது.

இப்போது ஸ்காட்டின் மலேசியக் கிராமத்துக்குத் திரும்பினால் வேறுபாடு துலங்கும். கெடா மாநிலத்தின் மூடா பாசனப் பகுதியில் அவர் 1978 முதல் 1980 வரை தங்கியிருந்த நெல் ஊருக்கு செடாக்கா என்று புனைபெயர் வைத்தார். அங்கே அறுவடை இயந்திரம் வந்தது. அறுப்பிலும் கதிரடிப்பிலும் கூலி பெற்ற ஏழைக் குடும்பங்கள் வேலை இழந்தன. இயந்திரம் விட்டுவைக்காததால் கதிர் பொறுக்கிய பெண்களுக்கும் ஒன்றுமில்லாமல் போனது. நடவுக்குப் போகும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து, இயந்திரம் வைத்து அறுத்தவரின் வயலில் நட வருவதற்குத் தாமதம் செய்தார்கள். வர மாட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. வேறு வயலில் வேலை இருக்கிறது, உடம்பு சரியில்லை என்றார்கள். நிலக்காரர்கள் வெளியூரிலிருந்து ஆட்களைக் கொண்டுவரப் போவதாகப் பேச்சு எழுந்ததும் பெண்கள் வயலில் இறங்கிவிட்டார்கள். இயந்திரத்தின் வாயில் கம்பி செருகியவர்களும் எரிபொருள் தொட்டியில் மண் போட்டவர்களும் அந்த வட்டாரத்தில் இருந்தார்கள். ஆனாலும் 1980 வாக்கில் மூடா பகுதி நெல்லில் சுமார் 80 விழுக்காடு இயந்திரத்தாலேயே அறுக்கப்பட்டது.

ஊக்கத்திலோ அறிவிலோ செடாக்காப் பெண்கள் செந்நதிப் பெண்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர். செடாக்காவில் நிலக்காரருக்கு அவர்களின் கை தேவைப்படாமல் போய்க்கொண்டிருந்தது. செந்நதிப் படுகையில் அரசுக்கு அந்தக் கைகளைத் தவிர வேறு கதியில்லை. இயந்திரம் இல்லை, எருமை குறைவு, வெளியிலிருந்து தானியம் வாங்கப் பணம் இல்லை. உழைப்பைக் குறைத்துக் கொடுப்பதால் ஒருவரைப் பணியவைக்க முடிவது அவருக்கு அந்த உழைப்பு தேவைப்படும்வரைதான். அன்றாட எதிர்ப்பைப் பற்றிய உரையாடலில் மனவுறுதியைப் பற்றிப் பேசுமளவுக்கு இந்தத் தேவையைப் பற்றி நாம் பேசுவதில்லை.

இன்னோர் எல்லையும் இருக்கிறது. நிலம் குடும்பங்களுக்குத் திரும்பியபின் ஊர் அதிகாரிகளின் பிடி வேறு வழியில் வந்தது. சாலைக்கு, பள்ளிக்கு, மின்சாரத்துக்கு, பாசனத்துக்கு என்று கட்டணங்களும் பங்களிப்புகளும் பெருகின, அந்தப் பணத்தில் பல இடங்களில் கையாடலும் நடந்தது. இது கூட்டுழைப்பில் கவனக்குறைவு காட்டித் தப்பிக்கக்கூடிய விஷயம் அல்ல. தலைக்கும் நிலத்துக்கும் இவ்வளவு என்று எழுதி வீட்டு வாசலில் கேட்பது. ஒவ்வொரு வீட்டின் பாக்கியும் பெயரோடு தெரியும். 1997 இல் தாய் பின் மாகாணத்து உழவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நெல் விளைச்சலுக்கும் புரட்சி மரபுக்கும் பேர்போன மாகாணம் அது, ஒரு காலத்தில் கூட்டுறவுக்கு முன்மாதிரி என்று காட்டப்பட்ட பகுதி. குவின் ஃபூ மாவட்டத்திலிருந்து மிதிவண்டிகளில் மாகாணத் தலைநகருக்குப் போய்க் கணக்குக் காட்டு என்று கேட்டார்கள். போரில் பிள்ளைகளை இழந்த தாய்களும் ஓய்வுபெற்ற படைவீரர்களும் பழைய கட்சி உறுப்பினர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். எதிர்ப்பு மாகாணத்தின் பெரும்பாலான மாவட்டங்களுக்குப் பரவியது, சில ஊர்களில் அடிதடியும் நடந்தது. அதிகாரிகள் பலர் தண்டிக்கப்பட்டார்கள், எதிர்ப்பை நடத்தியவர்களிலும் சிலர் சிறை சென்றார்கள். அடுத்த ஆண்டு மே மாதத்தில் அரசு 29 ஆம் எண் ஆணையின் வழியாக ஊர் நிர்வாகத்தின் வரவுசெலவையும் கட்டணங்களையும் மக்கள் முன் வைக்க வேண்டும், சிலவற்றை மக்களே கூடி முடிவு செய்ய வேண்டும் என்று விதித்தது. கூட்டுறவுக் கணக்கரின் புத்தகத்தை இருபது ஆண்டு மறைவில் பொய்யாக்கிவந்த ஊர்கள், இந்த முறை புத்தகத்தைத் திறந்து காட்டச் சொல்லிப் பகலில் நின்றன.